கிராம உலாவிற்குரிய பெயர் அட்டவணை: மரம், பூ, பறவை

ஒரு மரத்திற்கோ பறவைக்கோ வழங்கும் தமிழ்ப் பெயருக்கு நேரான ஆங்கிலப் பெயரை அறிந்துகொண்டால் மட்டும் போதாது. இங்கிலாந்திலிருந்து வந்தோர் தம் நாட்டில் கண்டவற்றின் சாயலை இங்கே கண்டபோது அப்பெயரையே இட்டு வழங்கினர். புங்கு, ‘இந்தியன் பீச்’ எனப்படினும் பீச் மரத்தின் இனமன்று. அவரை இனத்தைச் சேர்ந்தது. ‘புளூ ஜே’ எனப்பட்ட பனங்காடையும் ஜே பறவையின் இனமன்று. ஆகையால் கீழ்க்காணும் அட்டவணையில் அடையாளமும் சேர்க்கப்பட்டுள்ளது.

| தமிழ்ப் பெயர் | ஆங்கிலப் பெயர் | அடையாளம் |
|---|---|---|
| வேம்பு | நீம், மார்கோசா | வெண்பூ. நீள்வட்டப் பழம் |
| மலைவேம்பு | பெர்ஷியன் லிலாக் | இளஊதாப் பூ. உருண்டைப் பழம் |
| புங்கு | இந்தியன் பீச் | தட்டையான காயில் பெரும்பாலும் ஒரே விதை |
| பூவரசு | போர்ஷியா | நெஞ்சுவடிவ இலை. மஞ்சட்பூ வாடுகையில் சிவக்கும் |
| கொன்றை | இந்தியன் லேபர்னம் | தொங்கும் மஞ்சட் கொத்து. கோல்போன்ற காய் |
| ஆவாரை | டானர்ஸ் காஷியா | மஞ்சட்பூச் செடி; மெல்லிய தட்டைக் காய் |
| எருக்கு | மதார் | ஒடித்தால் பால் வடியும் |
| பனங்காடை | இந்தியன் ரோலர் | சிறகு விரித்தால் நீலம் |
| கரிச்சான் | கிங் குரோ, பிளாக் டிராங்கோ | கருநிறம். பிளந்த நீண்ட வால் |
| மடையான் | பேடி பேர்ட், பாண்ட் ஹெரான் | அமர்ந்தால் மண்ணிறம். பறந்தால் வெண்மை |

உலாவிற்குக் காலைப்பொழுதே ஏற்றது. ஏரிக்கரையில் தொடங்கி வயல்வரப்பு வழியே செல்லலாம். முதலில் அடையாளத்தைக் கண்டு, பின்னரே பெயரைக் குறித்தல் வேண்டும்.

மடையான் விஷயத்தில் தவறு எளிதில் நேரும். வரப்பில் அசையாது நிற்கும்போது அது மண்கட்டியெனவே தோன்றும். அருகே சென்றதும் வெண்சிறகு விரித்து எழும். காண்போர் அதனை வெள்ளைக் கொக்கு என்று எழுதிவிடுவர். அது மீண்டும் இறங்கும்வரை நோக்கி நிற்க வேண்டும். சிறகை மடக்கியதும் உடல் மறுபடியும் மண்ணிறமானால் அது மடையான். வெண்மை மாறாதிருந்தால் கொக்கு.

வேம்பையும் மலைவேம்பையும் பிரித்தறிவது இதனினும் முக்கியமானது. வேப்பங்கொட்டை சேகரிக்கும் சங்கத்தில் மலைவேம்பின் கொட்டை கலந்தால் சரக்கு கெடும்; அதன் பழமோ கால்நடைக்கு நஞ்சாவதுண்டு. பூவும் பழமும் இல்லாத காலத்தில் இலையே சான்றாகும். வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மலைவேம்பிலோ அக்காம்பு மீண்டும் கிளைத்து, அக்கிளைகளிலேயே சிற்றிலைகள் அமையும். முழு இலையைக் காம்போடு பறித்துப் பார்த்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. உதிர்ந்த சிற்றிலை ஒன்றைக்கொண்டு முடிவு செய்தல் கூடாது.

அடையாளம் முழுவதும் பொருந்தாத இடத்தில் பெயரை எழுதாது, கண்ட நிறத்தையும் வடிவையும் மட்டும் குறித்துவைத்து, மறுமுறை பூக்கும் காலத்தில் ஒத்துப்பார்த்தல் நலம்.