வீட்டில் ஒருவர் லிதியம் குளிசை எடுத்தால்

1. காலையில் எரிந்து விழுந்த பிள்ளை பின்னேரம் விளையாடிவிட்டுச் சிரித்தபடி வந்தால் அது சாதாரண மனமாற்றம். லிதியம் கொடுக்கப்படும் இருமுனைக் கோளாற்றில் எழுச்சி நிலை ஒரு கிழமையாவது விடாமல் நீளும், சோர்வு நிலை இரண்டு கிழமைக்குக் குறையாது. இரண்டிலும் அன்றாட அலுவல் குழம்பும்.

2. நித்திரையைக் கவனியுங்கள். கவலையில் கண்மூடாதவர் மறுநாள் களைத்துக் கிடப்பார். எழுச்சி தொடங்கியவரோ மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டு, களைப்பே இல்லாமல் இருட்டோடு வளவு கூட்டுவார். விடிந்ததும் நகையை அடகுவைத்து உழவு மெஷின் வாங்கப் புறப்படுவார். படுத்த நேரத்தையும் எழும்பின நேரத்தையும் கலண்டரில் குறித்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். "ஆள் கொஞ்சம் குழப்பம், டொக்டர்" என்று சொல்வதைவிட அது பயன்படும்.

3. லிதியம் அளவு பார்க்க, கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அடம்பனிலிருந்து மன்னாருக்கு பஸ் ஏறுகிறவர் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுப்பதென்றால், முதல்நாள் இரவுக் குளிசையை 9 மணிக்கே போடவேண்டும். காலைக் குளிசை உள்ளவர் அதைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். முன்னமே போட்டால் அளவு பொய்யாகக் கூடும்; 11 மணிவரை வரிசையில் நின்றால் குறைத்துக் காட்டும். குளிசை போட்ட நேரத்தைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். இந்தப் பரிசோதனைக்கு மட்டும் வெறும் வயிறு தேவையில்லை.

4. பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை இருக்கப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அளவு நிலைப்படும்வரை கிழமைக்கொரு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. சிறுநீரகம், தைரொயிட், கல்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆள் சுகமாக இருக்கிறார் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

5. சிறுபோக வெயில்தான் எனக்குப் பயம். போன மாதம் 0.7 இருந்தவர் நாள் முழுக்க வயலில் வியர்த்து, அடுத்த நாள் வயிற்றோட்டமும் பிடித்துப் படுத்தால், நீரும் உப்பும் குறைந்த உடம்பு லிதியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். போட்ட குளிசை அதேதான், இரத்தத்தில் அளவு ஏறும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். பிரஷருக்கென்று உப்பைத் திடீரென நிறுத்துவதும் இதே வேலையைச் செய்யும்.

6. இடுப்பு நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபன் வாங்கிப் போட்டாலும் அளவு ஏறும். பனடோல் பரவாயில்லை. பார்மசியில் லிதியம் எடுப்பதை முதலே சொல்லுங்கள்.

7. கை பெரிதாக நடுங்கி, வாந்தியெடுத்து, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மதுபோதை என்று படுக்கவைத்துவிடாதீர்கள். மற்ற நாளில் மருந்தைத் தாமாக நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

8. இதே நோய்க்கு வல்புரோயேட் எடுப்பவருக்கு ஈரலையும் இரத்த அணுக்களையும் பார்ப்பார்கள். அது கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் வைத்தியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.