பெருக்கத் தெரியாத சில்லு

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது 16ஆம் வாய்பாட்டில் தடுமாறி, வகுப்புக்கு வெளியே நின்ற அனுபவம் எனக்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படிக்க வந்த பிறகு, எந்த வாய்பாடும் தெரியாத ஒருவரைச் சந்தித்தேன். அவர் பெயர் PIC16F877A. நாற்பது கால்கள் கொண்ட சிறிய கறுப்புச் சில்லு. அதற்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் 35. கூட்டும், கழிக்கும், பிட்டுகளை இடமோ வலமோ நகர்த்தும். பெருக்கல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இதே குடும்பத்தின் PIC18 வகைச் சில்லுகளுக்கு அது உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எங்கள் கையில் கிடைத்தது இதுதான்.

இரண்டு எட்டு பிட் எண்களை இதில் பெருக்குவது எப்படி? முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, திரும்பத் திரும்பக் கூட்டுவது. 200 × 250 வேண்டுமா? 250ஐ இருநூறு முறை கூட்டு. விடை வரும், ஆனால் ஒரு சுற்றுக்கு ஆறு மைக்ரோவினாடி என்றால் (4 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு ஒரு மைக்ரோவினாடி, தாவும் கட்டளைக்கு இரண்டு) ஏறத்தாழ 1200 மைக்ரோவினாடி போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால், சுற்றைக் குறைக்கும் கட்டளை பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்து 255 ஆக்கிவிடும். சுற்று 256 முறை ஓடும். 0 × 7 என்று கேட்டால் 1792 என்று பதில் வரும்.

இதைவிட நல்ல வழி நம் தமிழ்ப்பள்ளிக் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. ஓர் எண்ணின் கீழ் இன்னோர் எண்ணை எழுதி, கீழ் எண்ணின் கடைசி இலக்கத்தால் பெருக்கி ஒரு வரி, அடுத்த இலக்கத்தால் பெருக்கி ஓரிடம் தள்ளி இன்னொரு வரி, பிறகு எல்லாவற்றையும் கூட்டினோம் அல்லவா? இரும எண்களில் இலக்கம் 0 அல்லது 1 மட்டுமே. ஆகவே வாய்பாடே வேண்டாம். இலக்கம் 1 என்றால் மேல் எண்ணை அப்படியே எழுது. 0 என்றால் ஒன்றும் எழுதாதே. எட்டு இலக்கங்களுக்கு எட்டே சுற்று.

விடை பதினாறு பிட் வரை வளரும்; 255 × 255 = 65025. அதை வைக்க இரண்டு பைட் வேண்டும்: மேல் பாதிக்கு HI, கீழ்ப் பாதிக்கு LO. நோட்டில் நாம் ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் தள்ளி எழுதுகிறோம். சில்லில் அப்படிச் செய்தால் பதினாறு பிட் கூட்டல் தேவைப்படும். அதனால் வரியை அசைக்காமல், அதுவரை சேர்ந்த விடையை வலப்பக்கம் நகர்த்துகிறோம். தாளை நகர்த்தினாலும் பேனாவை நகர்த்தினாலும் எழுத்து ஒன்றுதான்.

```
        CLRF   HI
        MOVLW  8
        MOVWF  COUNT
        MOVF   N2,W
        RRF    LO,F
LOOP    BTFSC  STATUS,C
        ADDWF  HI,F
        RRF    HI,F
        RRF    LO,F
        DECFSZ COUNT,F
        GOTO   LOOP
```

தொடங்கும் முன் முதல் எண்ணை LOவிலும் இரண்டாம் எண்ணை N2விலும் வைத்துவிட வேண்டும். இதில் புரிந்துகொள்ள வேண்டிய கட்டளை RRF ஒன்றுதான். அது பைட்டை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்துகிறது. வலக்கோடியில் விழும் பிட் 'கேரி' என்னும் தனி இடத்துக்குப் போகிறது. கேரியில் முன்பு இருந்த பிட் இடக்கோடியில் நுழைகிறது. ஆக, LOவை நகர்த்தும்போது முதல் எண்ணின் அடுத்த இலக்கம் கேரியில் வந்து நிற்கும். அது 1 என்றால் HIயுடன் N2வைக் கூட்டு. 0 என்றால் BTFSC அந்தக் கூட்டலைத் தாண்டிவிடும். முதல் எண் வலப்பக்கம் தேய்ந்துகொண்டே போக, காலியாகும் இடத்தில் விடையின் கீழ்ப் பாதி இடப்பக்கத்திலிருந்து குடியேறுகிறது. ஒரே பைட்டில் ஒருவர் வீட்டைக் காலி செய்யச் செய்ய இன்னொருவர் சாமான் இறக்குகிறார். எனக்கு இந்த நிரலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். இலக்கம் 1 ஆனாலும் 0 ஆனாலும் ஒரு சுற்றுக்கு ஏழு மைக்ரோவினாடி, கடைசிச் சுற்றுக்கு ஆறு, தொடக்க வேலைக்கு ஐந்து. மொத்தம் 60. எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் அதே 60.

இனி நாங்கள் வழுக்கி விழுந்த கதை. நானும் என் கூட்டாளியும் இந்த நிரலை எழுதியபோது, HIயை நகர்த்தும் வரிக்கு முன்னால் `BCF STATUS,C` என்று ஒரு வரி சேர்த்தோம். கேரியைத் துடைத்துப் பூஜ்யமாக்கும் கட்டளை அது. நகர்த்துவதற்கு முன் கேரியைத் துடை என்று முந்தைய பயிற்சி ஒன்றில் படித்திருந்தோம்; நல்ல பழக்கம் என்று எண்ணிக்கொண்டோம். 5 × 6, 12 × 12, 100 × 20 எல்லாம் சரியாக வந்தன. HIயின் பிட்டுகளைக் காட்ட ஒரு வரிசை விளக்கு, LOவுக்கு ஒரு வரிசை விளக்கு. பெருமையோடு விரிவுரையாளரை அழைத்தோம். அவர் 3 × 200 போடச் சொன்னார். விடை 88.

"200 × 3 போட்டுப் பாருங்கள்" என்றார். 600 வந்தது. எண்களை இடம் மாற்றினால் விடை மாறும் பெருக்கலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தாளில் போட்டுப் பார்த்தோம். இரும எண்ணில் 3 என்பது 11. முதல் சுற்றில் HIயில் 200 சேர்ந்து, பாதியாகி, 100 ஆகிறது. இரண்டாம் சுற்றில் 100 + 200 = 300. ஒரு பைட்டில் 255க்கு மேல் அடங்காது. ஆகவே HIயில் 44 தங்குகிறது. மீதி 256 ஒன்பதாவது பிட்டாகக் கேரியில் நிற்கிறது. அடுத்த RRF அதை எடுத்து HIயின் தலையில் வைத்தால் 150, அதாவது 300இன் பாதி. நாங்களோ அந்த இடத்தில் கேரியைத் துடைத்துவிட்டோம். 44இன் பாதி 22 மட்டுமே மிஞ்சியது. மீதி ஆறு சுற்றுகளில் வெறும் நகர்வுதான். தொலைந்த அந்த ஒரு பிட்டின் மதிப்பு முடிவில் 512. 600இல் 512 போனால் 88. விளக்குகளும் அதையே காட்டியிருந்தன: LO வரிசை சரியாக இருந்தது, HI வரிசை முழுவதும் இருட்டு.

அப்படியானால் மற்றவை ஏன் சரியாக வந்தன? கூட்டுவதற்கு முன் HIயில் இருப்பது எப்போதும் N2வைவிடச் சிறியது. N2 128க்குள் இருந்தால், இரண்டையும் கூட்டினாலும் 255ஐத் தாண்டாது. ஒன்பதாவது பிட் பிறக்கவே பிறக்காது. நாங்கள் சோதித்த இரண்டாம் எண்கள் 6, 12, 20. 129 முதல்தான் ஆபத்து. 3ஐ இரண்டாம் எண்ணாக வைத்தபோது தப்பித்ததும் இதனால்தான்.

கேரியைத் துடைக்காவிட்டால் இலக்கம் 0 ஆக இருக்கும் சுற்றில் குப்பை நுழையாதா என்று கூட்டாளி கேட்டார். நுழையாது. இலக்கம் 0 என்றாலே கேரியில் இருப்பது 0தான். இடையில் வரும் DECFSZ, GOTO இரண்டும் கேரியைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் முதல் RRF உள்ளே இழுக்கும் பழைய கேரிகூடக் கெடுதல் செய்யாது. அது LOவுக்குள் எட்டு இடம் பயணம் செய்து, கடைசிச் சுற்றில், யாரும் பார்க்காத நேரத்தில் வெளியே விழுந்துவிடுகிறது.

அந்த வரியை நீக்குவதற்கு முன், ஆசைக்கு 255 × 255 போட்டுப் பார்த்தோம். விடை 1. எட்டுச் சுற்றில் ஏழு முறை ஒன்பதாவது பிட் பிறந்து, ஏழு முறையும் நாங்கள் அதைத் துடைத்திருக்கிறோம். வரியை நீக்கி மீண்டும் ஓட்டினோம். HIயில் FE, LOவில் 01. மேல் வரிசையில் ஏழு விளக்குகள் எரிந்தன.