நோக்கவுரை எழுதுதல்

நுழையும்முன்

முதுகலைப் படிப்பிற்கு விண்ணப்பிப்போரிடம் சில கல்வி நிறுவனங்கள் சான்றிதழ்களுடன் ஓர் உரையையும் கேட்கின்றன. இப்படிப்பை எதற்காகப் பயில விரும்புகிறேன் என்பதை விண்ணப்பிப்பவரே ஓரிரு பக்கங்களில் விளக்குவது நோக்கவுரை ஆகும். தன்விவரக் குறிப்பு இதுவரை செய்தவற்றைப் பட்டியலிடும். நோக்கவுரையோ இனி விடைகாண வேண்டிய வினாவை முன்வைக்கும்.

வினாவைக் கண்டறிதல்

இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் பணியாற்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர், கல்வியியல் முதுகலைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவர் முதலில் இவ்வாறு எழுதுகிறார்: “கற்பித்தலில் எனக்கு ஆர்வம் மிகுதி. மாணவர் நலனே என் குறிக்கோள்.” இதில் பிழையில்லை. ஆயினும், எந்த ஊரில் பணியாற்றும் எந்த ஆசிரியரும் இதை எழுதிவிடலாம். எனவே, அவர் தம் வகுப்பறையிலிருந்து தொடங்கி மீண்டும் எழுதுகிறார்:

“என் மூன்றாம் வகுப்பு மாணவர் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளைத் திசையறிந்து சொல்வார்கள். எனினும், அவர்களுள் சிலர் வாசிப்பில் இன்னும் அரும்பு நிலையிலேயே இருக்கிறார்கள். வீட்டில் வழங்கும் சொற்களைக் கொண்டு வாசிப்பைத் தொடங்கினால் அவர்கள் எளிதாகக் கற்பார்களா?”

தமிழகத்தில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், மூன்றாம் வகுப்புவரை உள்ள மாணவரின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பகுக்கிறது. அச்சொல்லைப் பயன்படுத்தியதால் சிக்கல் எந்த நிலையில் உள்ளது என்பது தெளிவாகிறது.

முயற்சியும் எல்லையும்

அடுத்து, தாம் செய்து பார்த்ததை அவர் கூறுகிறார். கடலோரச் சொற்கள் பத்தும் பாடநூற் சொற்கள் பத்தும் எழுதி, மாணவரைத் தனித்தனியே வாசிக்கச் செய்தார். கடலோரச் சொற்களில் தடுமாற்றம் குறைவாக இருந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால் உரை வெற்றிச் செய்தியாக முடிந்திருக்கும். அவரோ தொடர்ந்து எழுதுகிறார்:

“வாடை என்பதில் இரண்டே எழுத்துகள், தென்றல் என்பதில் நான்கு. பழக்கத்தால் எளிதாயிற்றா, எழுத்துக் குறைவால் எளிதாயிற்றா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. கொண்டலையும் தென்றலையும் போல எழுத்தளவில் நெருங்கிய சொற்களை இணைத்து ஒப்பிட வேண்டும். அத்தகைய ஆய்வு முறையைக் கற்கவே விண்ணப்பிக்கிறேன்.”

இப்பகுதியே உரையின் உயிர்நாடி. தம் அறிவு எங்கே நின்றுவிடுகிறது என்று அவர் காட்டியதால், படிப்பின் தேவை தானே விளங்குகிறது.

படிப்போடு பொருத்துதல்

இறுதியாக, தம் வினாவை அந்நிறுவனத்தின் பாடத்திட்டத்தோடு அவர் பொருத்த வேண்டும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2006இல் தொடங்கிய தொடக்கக் கல்வி முதுகலை போன்ற படிப்புக்கு இவ்வினா நேரடியாகப் பொருந்தும். கல்வி நிருவாகத்தை மையமாகக் கொண்ட படிப்புக்கு இதே உரையை அனுப்பினால் பொருந்தாது. படிப்பு முடிந்தபின் அதே வகுப்பில் எதை மாற்றிச் செய்யப்போகிறார் என்பதை ஓரிரு தொடர்களில் கூறி உரையை முடிக்கலாம்.

கற்பவை கற்றபின்

நீங்கள் எழுதிய நோக்கவுரையில் ஊர்ப்பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுங்கள். எழுதியவர் யார் என அவர் கண்டறிந்த தொடர்களை அடிக்கோடிடுங்கள். ஏனையவற்றைத் திருத்தி எழுதுங்கள்.