பழுப்பு நிறமெல்லாம் கோதுமை அல்ல: பிரெட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு மாதம் ஒருமுறை எங்கள் குழுவின் அரிசியும் செக்கு எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அந்த வீட்டு ஐயாவுக்குச் சர்க்கரை நோய். போன முறை போனபோது அந்த அம்மா ஒரு பிரெட் பாக்கெட்டை எடுத்து வந்து நீட்டினார்கள்.

"டாக்டர் வெள்ளை பிரெட் வேண்டாம்னுட்டார் தம்பி. ரெண்டு வருஷமா இவருக்குக் காலையில இந்த பிரவுன் பிரெட்தான். விலையும் கூடத்தான் இருக்கு. நீங்க விவசாயம் பண்றவங்க, இது நல்ல கோதுமைதானான்னு பாத்துச் சொல்லுங்க."

முன்பக்கத்தில் விளைந்த கோதுமைக் கதிர் படம், மண் நிறத்தில் எழுத்து. பின்பக்கம் திருப்பினேன். சேர்பொருள் பட்டியலில் முதல் பெயர் "ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர் (மைதா)". இரண்டு வருடமாக அந்த ஐயா சாப்பிட்டது மைதாதான். வெள்ளையாக இல்லாத மைதா, அவ்வளவே.

அன்று அந்த அம்மாவிடம் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குப் படிப்போ கருவியோ வேண்டாம். பட்டியல் எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்று தெரிந்தால் போதும்.

வரிசைதான் எடை

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைப்படி, மாவு பிசையும்போது எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும். அடுத்தது அதைவிடக் குறைந்தது. இப்படியே இறங்கிக்கொண்டு போய்க் கடைசியில் இருப்பதுதான் மிகக் குறைந்தது. பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கப் பட்டியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

பிரெட்டில் முதலில் வருவது மாவுதான். சில பாக்கெட்டில் தண்ணீரையும் எழுதியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு மாவை மட்டும் பாருங்கள். இங்கேதான் மொழி நம்மை ஏமாற்றும். தமிழில் "கோதுமை மாவு" என்றால் நமக்குச் சப்பாத்தி மாவு. லேபிள் ஆங்கிலத்தில் வெறும் "வீட் ஃப்ளோர்" என்று இருந்தால் அது மைதாவாகவும் இருக்கலாம், ஏனென்றால் மைதாவும் கோதுமையில் இருந்து வந்ததுதான். "ரிஃபைன்ட்" என்ற சொல் இருந்தால் சந்தேகமே இல்லை, மைதா. "ஹோல் வீட் ஃப்ளோர்" அல்லது "ஆட்டா" என்று இருந்தால்தான் முழுக் கோதுமை.

முழுக் கோதுமை என்றால் என்ன? ஒரு கோதுமை மணியில் ஏறக்குறைய நூற்றுக்கு 83 பங்கு வெள்ளை மாவுப் பகுதி, 14 பங்கு தவிடு, 2 முதல் 3 பங்கு முளை. தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு அரைத்தால் மைதா. நெல்லைத் தீட்டி வெள்ளை அரிசியாக்குவது போலத்தான் இதுவும். நார்ச்சத்தின் பெரும்பங்கும் பி வைட்டமின்களில் பெரும்பகுதியும் அந்த நீக்கிய பாகத்தோடு போய்விடும்.

உப்பை அளவுகோலாக வையுங்கள்

அந்த நங்கநல்லூர் பாக்கெட்டின் பட்டியல் இப்படி இருந்தது: மைதா, சர்க்கரை, ஈஸ்ட், பாமாயில், கோதுமை குளூட்டன், உப்பு, கோதுமைத் தவிடு, சோயா மாவு, கெடாமல் வைக்கும் பொருள் (282), நிறம் (150ஏ).

அம்மா பார்த்துவிட்டு, "தவிடு போட்டிருக்காங்களே தம்பி?" என்று கேட்டார்கள். போட்டிருக்கிறார்கள், உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி. தவிடு உப்புக்குப் பின்னால் வருகிறது. அப்படியானால் உப்பைவிட அது அதிகமாக இருக்க முடியாது. உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் தவிட்டின் உச்ச அளவும் தெரிந்துவிடும்.

உப்பின் அளவு அதே பாக்கெட்டில், சத்துப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. சோடியம் எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும். இந்தப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 480 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும்: 480 × 2.5 = 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம். 400 கிராம் பாக்கெட் முழுவதற்கும் ஏறக்குறைய 5 கிராம் உப்பு. ஆக, முழுப் பாக்கெட்டிலும் சேர்த்த தவிடு 5 கிராமைத் தாண்டாது.

இப்போது மறுபக்கம் பாருங்கள். 400 கிராம் பிரெட் செய்ய ஏறக்குறைய 250 கிராம் மாவு வேண்டும். அது முழுக் கோதுமை மாவாக இருந்தால், நூற்றுக்கு 14 பங்கு என்ற கணக்கில் 35 கிராம் தவிடு அதிலேயே வந்துவிடும். 35 இருக்க வேண்டிய இடத்தில் 5-க்கும் கீழே. அது சத்துக்காகப் போட்டது அல்ல, ரொட்டித் துண்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்காகப் போட்டது.

பிறகு அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது? பட்டியலின் கடைசியில் 150ஏ என்று இருக்கிறதே, அதுதான் கேரமல். சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் நிறம். 150பி, 150சி, 150டி என்று இருந்தாலும் கேரமல் வகைதான். சிலர் மால்ட் அல்லது வெல்லப்பாகு சேர்த்தும் நிறம் கொண்டுவருவார்கள். உண்மையான முழுக் கோதுமை பிரெட்டின் உட்பகுதி சாக்லேட் நிறத்தில் இருக்காது. சப்பாத்தி மாதிரி வெளிறிய மண் நிறம்தான், அதில் தவிட்டுத் துகள் கலந்து தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆட்டா முதலில் உள்ள பிரெட்டிலும் கேரமல் சேர்ப்பவர்கள் உண்டு.

ஆட்டா முதலில் இருந்தால் மட்டும் போதுமா?

அடுத்த தெருக் கடையில் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்தோம். அதில் முதல் பெயர் ஆட்டா. அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் இரண்டாவது பெயர் மைதா, மூன்றாவது ரவை.

வரிசை யார் பெரியவர் என்று சொல்லும், எவ்வளவு பெரியவர் என்று சொல்லாது. ஆட்டாவும் மைதாவும் மட்டும் இருந்து ஆட்டா முதலில் வந்தால், மாவில் பாதியாவது ஆட்டா என்று நிச்சயமாகச் சொல்லலாம். மூன்று மாவு வந்துவிட்டால் அதுவும் சொல்ல முடியாது. 100 பங்கு மாவில் ஆட்டா 40, மைதா 35, ரவை 25 என்று வைத்தாலும் ஆட்டாதான் முதலில் வரும். ரவையும் தவிடு நீக்கியதுதான். ஆக 60 பங்கு தீட்டிய கோதுமை, ஆனாலும் முதல் பெயர் ஆட்டா. அதனால் முதல் பெயரோடு நிறுத்தாமல், அடுத்தடுத்து மாவு என்று வரும் எல்லாப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குத்தான் சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பொருளின் பெயரையோ படத்தையோ முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். இந்தச் சதவீதத்தைப் படிப்பதில் ஒரு குழப்பம் வரும். மூன்றாவதாக ஒரு பாக்கெட்டில் "ஆட்டா 57%" என்று இருந்தது. "மீதி 43 மைதாவா?" என்று அம்மா கேட்டார்கள். இல்லை. 100 பங்கு மாவுக்கு 60 பங்குக்கு மேல் தண்ணீர், அதோடு சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட், உப்பு. எல்லாம் சேர்ந்து 175 பங்கு வந்தால், மாவு மட்டும் அதில் 57 சதவீதம்தான். அந்தப் பாக்கெட்டில் மைதா என்ற பெயரே எங்கும் இல்லை. அதுதான் முழுக் கோதுமை பிரெட். சிலர் தண்ணீரைச் சேர்க்காமல் கணக்கிடுவார்கள், அப்போது எண் 80-க்கு மேல் வரும். எண் எதுவானாலும் பட்டியலில் மைதாவோ ரவையோ இருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

அதில் குளூட்டன் இருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தவிடு கலந்த மாவு தானாக மைதா போல உப்பாது, அதனால் கோதுமைப் புரதமான குளூட்டனைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோதுமை பிரெட் எதுவுமே ஆகாது, அது வேறு விஷயம்.

நம் ராகியின் பெயரில்

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. "மல்டிகிரெய்ன்", "ராகி பிரெட்" என்று பாக்கெட்டுகள் வருகின்றன. ஒன்றில் இப்படி இருந்தது: மைதா, சர்க்கரை, பல தானிய மாவு 5% (ராகி, கம்பு, சோளம், ஓட்ஸ், ஆளிவிதை). அடைப்புக்குள் உள்ள வரிசை அந்த 5 சதவீதத்துக்குள் மட்டும் செல்லும். 400 கிராம் பிரெட்டில் ஐந்து தானியமும் சேர்ந்து ஏறக்குறைய 20 கிராம். அதில் நம் ராகியின் பங்கு எத்தனை ஸ்பூன் வரும், நீங்களே போட்டுப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ராகி. பேக்கரி வாங்கும் மூட்டையோ மைதா.

ராகியிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது. அதனால் பிரெட் உப்ப வேண்டுமென்றால் கணிசமான பங்கு கோதுமை இருந்தே ஆக வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோதுமை ஆட்டாவாக இருக்கலாம், ராகி 20 சதவீதம் வரை போகலாம். குழுவாகச் சேர்ந்து சிறுதானிய பிரெட் செய்து விற்க நினைப்பவர்கள் ராகி எத்தனை சதவீதம், கோதுமை மாவு எந்த வகை என்று முன்பக்கத்திலேயே எழுதுங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்.

லேபிள் சொல்லாதவை

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பேக்கரியில் லேபிள் இல்லாமல் வெட்டிக் கொடுக்கும் பிரெட்டுக்கு இது பயன்படாது. அங்கே "என்ன மாவு மூட்டை வாங்குறீங்க?" என்று நேராகக் கேட்பதுதான் வழி. கோதுமை ரசாயன உரத்தில் விளைந்ததா, எந்த ரகம் என்பதையும் பட்டியல் சொல்லாது.

நார்ச்சத்தை எழுதியிருந்தால் ஒரு சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் முழுக் கோதுமை பிரெட்டில் 6 கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருக்கும், மைதா பிரெட்டில் 2 கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் தனியாகத் தவிடு சேர்த்தும் இந்த எண்ணை ஏற்றலாம். அதனால் பட்டியலைப் பார்த்த பிறகு இதைப் பாருங்கள்.

கிளம்பும்போது அந்த ஐயா கேட்டார்: "அப்ப அந்த மூணாவது பாக்கெட்டை எவ்வளவு வேணாலும் சாப்பிடலாமா தம்பி?" இல்லை என்றுதான் சொன்னேன். நைசாக அரைத்த முழுக் கோதுமை பிரெட்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். எத்தனை துண்டு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இனிமேல் டாக்டரிடம் "கோதுமை பிரெட் சாப்பிடுறேன்" என்று அவர் சொன்னால், அது உண்மையாக இருக்கும்.