கடைப் பெயரைத் தேடி வந்தவர்களை அனுப்பியது யார்?

பொள்ளாச்சியிலிருந்து நெகமம் காட்டன் புடவைகளைச் சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். உங்களிடமும் இதே போல ஒரு சைட், இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடும் மெட்டா விளம்பரம், கூகுள் விளம்பரம், அவ்வப்போது ரீல்ஸ் போட்டுத் தரும் ஒரு பெண், பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இவற்றையெல்லாம் ஒரே மாதத்தில் ஓட்டிவிட்டு எது விற்றுக் கொடுத்தது என்று கேட்டால், ஒவ்வொன்றும் தன்னால்தான் என்று சொல்லும். அதை நம்பி ஒரு விளம்பர ஏஜென்சி என் பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆடி மாதக் கணக்கைப் பாருங்கள். புரிவதற்காக முழு எண்ணாகத் தருகிறேன். மெட்டாவுக்கு 1,20,000 ரூபாய், கூகுளுக்கு 40,000, ரீல்ஸுக்கு 25,000, வாட்ஸ்அப்புக்கு 5,000 என்று மொத்தம் 1,90,000 செலவு. மாத முடிவில் மெட்டா 260 ஆர்டர் தன்னுடையது என்றது. கூகுள் 150 என்றது. ரீல்ஸ் பெண்ணின் கூப்பனில் 70, வாட்ஸ்அப் அனுப்பும் மென்பொருளின் கணக்கில் 110. கூட்டினால் 590 வருகிறது. என் சைட்டில் விழுந்த ஆர்டர் 400.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கினாலும், தட்டாமல் பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலும், நாம் மாற்றாதவரை மெட்டா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுளில் தட்டியதிலிருந்து 30 நாள் வரை கணக்கு. காலையில் இன்ஸ்டாவில் புடவையைப் பார்த்து, மதியம் கூகுளில் கடைப் பெயரைத் தேடி, கூப்பன் போட்டு வாங்குகிற ஒரே அம்மாவை மூன்று பேரும் எண்ணுவார்கள். ஒருவர் எண்ணியது இன்னொருவருக்குத் தெரியாது.

ஏஜென்சித் தம்பி எனக்கு அனுப்பிய அறிக்கையில் ரோவாஸ் மட்டும்தான் இருந்தது. விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்கிற எண் அது. என் சராசரி ஆர்டர் 1,500 ரூபாய். அந்தக் கணக்கில் மெட்டாவுக்கு 3.25, கூகுளுக்கு 5.6. “மூணுக்கு மேல இருந்தா நல்ல லாபம் மேடம்” என்றார். யாருடைய மூன்று அது? 1,500-ல் வரி 70, நெசவாளருக்கும் பிற கொள்முதலுக்கும் 850, கூரியரும் பேக்கிங்கும் 110, பேமென்ட் கேட்வே 40 போனால் என் கையில் நிற்பது 430. ஆயிரத்து ஐந்நூறை நானூற்று முப்பதால் வகுத்தால் ஏறக்குறைய 3.5. அதற்குக் கீழே போனால் முதல் ஆர்டரிலேயே எனக்கு நஷ்டம்.

அந்த 400-ல் 60 சிஓடி பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. திரும்பியதையும் விளம்பரத் தளங்கள் விற்பனையாகவேதான் வைத்திருக்கும், நீங்கள் சொல்லாதவரை அவற்றுக்குத் தெரியாது. வீடு போய்ச் சேர்ந்த 340 ஆர்டரில் மிஞ்சியது 1,46,200. திரும்பியவற்றின் கூரியர் போகவர 9,600 போனால் 1,36,600. விளம்பரச் செலவு 1,90,000. அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருந்த மாதத்தில் 53,400 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கிறது.

இதை நான் எடுத்துக் காட்டியபோது ஏஜென்சி கண்டுபிடித்த வழிதான் பெரிய அடி. கூகுளில் 5.6 வருகிறது, மெட்டாவில் 3.25 தான் வருகிறது, ஆகவே மெட்டாவை வெட்டி கூகுளை ஏற்றுவோம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆவணியில் மெட்டா 40,000 ஆனது, கூகுள் 1,20,000 ஆனது.

ஆர்டர் 400-லிருந்து 230-க்கு இறங்கியது. “ஆடித் தள்ளுபடி முடிஞ்சதுல்ல மேடம், அப்படித்தான் இருக்கும்” என்றார் தம்பி. ஆவணி முகூர்த்த மாதம். புடவைக் கடைக்காரியிடம் சொல்லக்கூடிய காரணமா அது? நான் ஆர்டர் பட்டியலை எடுத்து, முன்பே எங்களிடம் வாங்கிய போன் நம்பர்களைத் தனியாகப் பிரித்தேன். பழையவர்கள் ஆடியில் 160, ஆவணியில் 150. சீசன் முடிந்ததுதான் காரணமென்றால் அவர்களும் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். முதல்முறை வாங்கியவர்கள் மட்டும் 240-லிருந்து 80 ஆகியிருந்தார்கள். புது ஆட்கள் வரும் வாசலை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து கூகுள் விளம்பரக் கணக்கில் தேடல் சொற்கள் பட்டியலைத் திறந்தேன். மக்கள் உண்மையில் எதைத் தட்டச்சு செய்து வந்தார்கள் என்று அதில் இருக்கும். ஆடியில் கூகுள் தன்னுடையது என்ற 150 ஆர்டரில் 120 எங்கள் கடைப் பெயரைத் தேடி வந்தவை. கடைப் பெயரைத் தேடுகிறவருக்குக் கடையை ஏற்கெனவே தெரியும். யார் தெரிவித்தது? சிஓடி ஆர்டரை உறுதிசெய்யப் போன் போடும்போது, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கச் சொல்லி எங்கள் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். “இன்ஸ்டால பாத்தேன்க்கா, அப்புறம் கூகுள்ல பேர் போட்டு வந்தேன்” என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில். மெட்டா ஊற்றிய தண்ணீரை கூகுள் தன் கிணற்றுத் தண்ணீர் என்று அளந்து காட்டியிருக்கிறது.

கடைப் பெயரைத் தேடுகிறவர்கள் ஓர் அளவுக்கு மேல் கிடையாது. அங்கே 40,000-ஐ 1,20,000 ஆக்கினால் மிச்சப் பணம் எங்கேயாவது போயாக வேண்டும். அது பழைய வாடிக்கையாளர்களைத் துரத்திக் காட்டும் விளம்பரத்துக்கும், காட்டன் துணி மீட்டர் என்ன விலை என்று தேடுகிறவர்களுக்கும் போனது. சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகத் தருவதில் கடைப் பெயர் எத்தனை முறை தேடலில் தோன்றியது என்று வாரா வாரம் பார்க்கலாம். மெட்டாவை வெட்டிய பிறகு அந்தக் கோடு படிப்படியாக இறங்கியிருந்தது. ஏஜென்சியில் ஒருவரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிறவர்களிடம் செலவைக் குறைக்கும் யோசனையை எதிர்பார்க்க முடியாது. அந்த மாதத்தோடு அவர்களை நிறுத்தினேன், இன்றுவரை அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு நானே இரண்டு சோதனை வைத்தேன். முதலாவது, கடைப் பெயருக்கான கூகுள் விளம்பரத்தை இரண்டு வாரம் நிறுத்துவது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் மொத்தம் 150 ஆர்டர், அதில் 50 இந்த விளம்பரத்தின் பெயரில். நிறுத்திய பிறகு மொத்தம் 147. அந்த 50 பேரில் கிட்டத்தட்ட எல்லாரும் விளம்பரத்துக்குக் கீழே இருந்த எங்கள் சொந்த இணைப்பைத் தட்டி வந்துவிட்டார்கள். ஈபே நிறுவனம் 2012-ல் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. பெயரைத் தேடியவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் காசில்லாத இணைப்பு வழியாகவே வந்தார்கள் என்று பிளேக், நாஸ்கோ, டாடெலிஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பெயரில் போட்டிக்காரர் விளம்பரம் போட்டாலோ, உங்கள் சைட் தேடலில் முதலில் வராவிட்டாலோ இது பொருந்தாது. நிறுத்துவதற்கு முன் வேறொருவர் போனில் தேடிப் பாருங்கள். “நெகமம் காட்டன் புடவை” போன்ற பொதுச் சொற்களின் விளம்பரத்தைத் தனிக் கேம்பெயினாக வையுங்கள். ஏஜென்சி இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்ததால்தான் அந்த 5.6 அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

இரண்டாவது, மெட்டா உண்மையில் எவ்வளவு கொண்டுவருகிறது என்பது. மெட்டாவை மாதம் 70,000-க்குத் திரும்ப ஏற்றி, ஆர்டர் நிலைக்கு வந்தபின் ஊர் வாரியாகப் பிரித்தேன். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் ஒரு பக்கம். சேலம், ஈரோடு, திருநெல்வேலி இன்னொரு பக்கம். சென்னை மிகப் பெரியது, கோவையில் வாய்வழிப் பெயர் உண்டு, அதனால் இரண்டையும் சேர்க்கவில்லை. நான்கு வாரத்தில் முதல் பக்கம் 90 ஆர்டரும் இரண்டாம் பக்கம் 100-ம் போய்ச் சேர்ந்திருந்தன. அடுத்த நான்கு வாரம் முதல் பக்கத்து ஊர்களில் மட்டும் மெட்டாவை நிறுத்தினேன். மற்ற எதையும் தொடவில்லை, தள்ளுபடியும் வைக்கவில்லை. பின்கோடு வைத்து எண்ணினால் நிறுத்திய பக்கம் 54, ஓடிய பக்கம் 96. பழைய விகிதப்படி நிறுத்திய பக்கத்தில் 86 வந்திருக்க வேண்டும். ஆக 32 ஆர்டர்தான் மெட்டாவால் கூடுதலாக வருவது. அதே ஊர்களில் நிறுத்துவதற்கு முன் மெட்டா தன்னுடையது என்று காட்டியது 58.

அந்த ஊர்களுக்கான செலவு 18,000. மெட்டா காட்டிய கணக்கில் ஓர் ஆர்டருக்கு 310 ரூபாய், எனக்கு 120 லாபம். உண்மைக் கணக்கில் 562 ரூபாய், எனக்கு 132 நஷ்டம். இருந்தும் மெட்டாவை நான் நிறுத்தவில்லை. என் பட்டியலில் புதிதாக வாங்கும் நூறு பேரில் நாற்பது பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடி வாங்குகிறார்கள். ஒரு புது ஆளுக்கு அது 172 ரூபாய் ஆகிறது, நஷ்டத்தைத் தாண்டிவிடும். மறுபடி வாங்காத சரக்கை விற்கிறவர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

90 ஆர்டர் வரும் இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமலே 15, 20 கூடும் குறையும். அதனால் நான்கு வாரத்துக்கு ஒரு பக்கம் 30 ஆர்டர்கூட வராதவர் இந்தச் சோதனையை வைத்தால் வெறும் ஏற்ற இறக்கத்தைத்தான் அளப்பார். அவருக்குப் போனில் கேட்கும் கேள்வியும் புது ஆள் எண்ணிக்கையுமே போதும்.

மற்றவை எல்லாம் வழக்கமான வேலை. பழைய வாடிக்கையாளர் போன் நம்பர்களை மெட்டாவில் ஏற்றி, அவர்களுக்கு விளம்பரம் போகாமல் விலக்கினேன். அவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். வாட்ஸ்அப் இணைப்பின் கடைசியில் இதை ஒட்டாவிட்டால் கூகுள் அனலிட்டிக்ஸ் அந்த ஆர்டர்களைப் பெரும்பாலும் Direct என்று எழுதிவிடும்:

```
?utm_source=whatsapp&utm_medium=broadcast&utm_campaign=aadi
```

ரீல்ஸ் பெண்ணின் கூப்பனில் வந்த 70-ல் 28 பேர் பழைய வாடிக்கையாளர்கள். யாரோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கூப்பனைப் போட்டிருக்கிறார்கள். அவள்மேல் தப்பில்லை. இப்போது அந்தக் கூப்பன் முதல் ஆர்டருக்கு மட்டும்தான் வேலை செய்யும், கூலி பேசுவதும் புது நம்பர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான்.

ஊர் பிரிக்கும் சோதனையை ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வைக்காதீர்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு ஊரின் வேகமும் வேறு, பழைய விகிதம் நிற்காது. நான் தை, மாசியில் ஒரு முறை வைக்கிறேன். அந்தச் சோதனையில் மெட்டா காட்டுவதற்கும் உண்மைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். 58 காட்டி 32 என்றால் நூறுக்கு ஐம்பத்தைந்து. அடுத்த சோதனைவரை மெட்டா சொல்லும் எந்த எண்ணையும் அந்த அளவுக்கு வெட்டித்தான் நோட்டில் எழுதுகிறேன்.