பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று பணிவு காட்டுகிறார்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறேன். ஜொகூர், குளுவாங்கில் பாட்டி விட்டுப்போன வீட்டு நிலம் என் பெயரிலும் என் சித்தப்பா மகள் பெயரிலும் சரிபாதியாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே குடியிருப்பவள் அவள் மட்டும்தான். சென்ற வாரம் அவள் எனக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"அக்கா, இங்க ஒரு அதிசயம் நடக்குது. பக்கத்து வீட்டு அங்கிள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. அந்தக் கால்வாய்ச் சண்டைக்கு அப்புறம் நம்ம வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவரு, இப்ப காலையில நாசி லெமாக் வாங்கிக் கொடுத்து அனுப்புறாரு. நம்ம கேட்டு கீல் உடைஞ்சு கிடந்துச்சே, கேக்காமலே ஆள் வச்சு சரி பண்ணிட்டாரு. 'பாட்டி தங்கமான மனுஷி'ன்னு வேற சொல்றாரு. பாட்டி உயிரோட இருந்தப்ப ஒரு நாள் சொல்லலையே!

போன மாசம் ரெண்டு பேரு முக்காலி வச்சு அவர் வீட்டை அளந்தாங்க. முன்னால ஒரு குச்சி, பின்னால ஒரு குச்சி, சிவப்புச் சாயம் அடிச்சு நட்டிருக்காங்க. ரெண்டையும் நேர்கோடா பிடிச்சுப் பார்த்தா அவரோட சமையலறைக்கு நடுவுல போகுது. அதுக்கப்புறம்தான் இந்தப் பாசமெல்லாம். இப்ப ஒரு தாள் கொண்டுவந்து, 'மஜ்லிஸுக்கு ஒரு கையெழுத்து, சும்மா ஃபார்மாலிட்டிதான்மா'ன்னு சொல்றாரு. உங்க கையெழுத்தும் வேணுமாம், இல்லாட்டி எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துடச் சொல்றாரு. ஐசி நகலும் கெரான் நகலும் கேட்டிருக்காரு. மாமாகிட்ட சொன்னேன். அந்தச் சமையலறை கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த இடம் இனிமே அவருக்குத்தான், சண்டை போடாம கையெழுத்துப் போடுன்னு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

மாமா சொல்வது சரியா? நாங்கள் கையெழுத்துப் போடலாமா?

பதில்: உங்கள் தங்கை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்த இரண்டு குச்சிகளைப் பற்றிய வரிகளே எனக்கு முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிட்டன. அளவு சரியாக இருந்தால், அவருடைய சமையலறையின் ஒரு பகுதி உங்கள் நிலத்தில் நிற்கிறது. அது இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. சொந்தச் செலவில் நில அளவையாளரை அழைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டை விற்கப் போகிறவர்கள், அல்லது இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறவர்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து ஜொகூரில் நிலம் வைத்திருக்கும் பலர் கெரானைத் தூசு தட்டி எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். விற்றாலும் கட்டினாலும் அவருக்கு ஒரே முட்டுக்கட்டைதான்: அடுத்தவர் நிலத்துக்குள் நீளும் கட்டடத்துக்கு வரைபட அனுமதி வாங்குவது கடினம். வாங்க வருபவரின் வழக்கறிஞரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

மாமா சொல்வது இந்தியாவிலோ இலங்கையிலோ என்றால் யோசிக்க வேண்டிய பேச்சு. இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் வைத்திருந்தால் உரிமையாளர் அதை மீட்கும் உரிமையை இழக்கக்கூடும். இலங்கையில் அந்தக் காலம் 10 ஆண்டு. நம் பெரியவர்களின் மனதில் அனுபவ பாத்தியதை என்ற அச்சம் ஊறியிருப்பது இதனால்தான். தீபகற்ப மலேசியாவில் அது செல்லாது. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 341ஆம் பிரிவு இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது: எத்தனை ஆண்டு ஆக்கிரமித்திருந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் நிலத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்கு அது தடையாகாது. இருபது ஆண்டு என்ன, ஐம்பது ஆண்டு ஆனாலும் அந்த இடம் உங்கள் இருவருடையதுதான். இங்கே நிலம் யாருடையது என்பதைப் பதிவேடுதான் தீர்மானிக்கிறது.

இதிலிருந்துதான் அந்த நாசி லெமாக்கின் பொருளும் விளங்குகிறது. காலம் அவருக்கு எதையும் கொடுக்காது. பழக்கத்தால் வழி உரிமைகூட வராது. அவருக்கு எதையாவது கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள் இருவர் மட்டும்தான், அதுவும் எழுத்தில். அதனால் அவரைச் சதிகாரர் என்று சொல்லிவிட வேண்டாம். அவருடைய வழக்கறிஞரே, போய் நல்லபடியாகப் பேசிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டின் கீலைச் சரிசெய்து கொடுத்திருப்பேன்.

அடுத்து அந்தத் தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் தங்கை சொல்லவில்லை. வீட்டை நீட்டிக் கட்டும்போது பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தை நகராட்சி கேட்பது வழக்கம். 'சூராட் பெர்செதுஜுவான் ஜிரான்' என்பார்கள். அவருடைய நிலத்தில் அவர் கட்டுவதற்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும் இருந்தால் அது நிஜமாகவே ஃபார்மாலிட்டிதான். ஆனால் அதே தாளில், இப்போதுள்ள சுவரையே எல்லையாக ஏற்கிறோம் என்றோ, இப்போதுள்ள கட்டடம் அப்படியே இருக்கச் சம்மதிக்கிறோம் என்றோ ஒரு வரி சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். மலாய் மூலத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். எங்காவது வெற்றிடம் விட்டிருந்தால் கையெழுத்தே கூடாது.

அப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் நிலம் கைமாறிவிடுமா? மாறாது. 214ஆம் பிரிவுப்படி ஒரு நிலத்தை முழுதாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும், துண்டாகக் கொடுக்க முடியாது. துண்டு வேண்டுமென்றால் முதலில் நில அலுவலகத்தின் அனுமதியோடு உட்பிரிவு செய்ய வேண்டும். மேலும் நீங்கள் இருவரும் கூட்டு உரிமையாளர்கள். உங்கள் தங்கை தன் பாதிப் பங்கை வேண்டுமானால் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் நிலத்தின் ஒரு குறிப்பிட்ட மூலையைத் தனியாகக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தேடுவது அதனால்தான்.

பிறகு எதற்கு இவ்வளவு எச்சரிக்கை? ஏனென்றால் பதிவேட்டுக்கு வெளியே நியாயநெறி என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய சம்மதத்தை நம்பி இன்னொருவர் பணத்தைக் கொட்டிக் கட்டிவிட்டால், பிறகு வந்து இடி என்று சொல்ல நீதிமன்றம் விடாமல் போகலாம். பூஸ்டெட் டிரேடிங் வழக்கில் 1995இல் கூட்டரசு நீதிமன்றம் இந்த எஸ்டாப்பல் கோட்பாட்டை மிக விரிவாக்கிவிட்டது. அது நில வழக்கு அல்ல, வணிகக் கடன் பற்றியது. ஆனாலும் அதன் பிறகு எல்லா வகை வழக்கிலும் அதை மேற்கோள் காட்டுகிறோம். ஆக, இருபது ஆண்டுக் குடியிருப்பால் அவருக்குக் கிடைக்காத பாதுகாப்பு, நீங்கள் போடும் ஒரு கையெழுத்தால் கிடைத்துவிடக்கூடும். உங்கள் கண்முன்னே அவர் புதிதாகக் கான்கிரீட் போடும்போது நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதும் அதே மாதிரி உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

பழைய சமையலறையைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அது கட்டப்பட்டபோது பாட்டி என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு நிலை. "கட்டிக்கோப்பா" என்று சொல்லியிருந்தால் வேறு நிலை. அப்போது நிலம் போய்விடாது என்றாலும், உடனே இடிக்க உத்தரவு கேட்டால் நீதிபதி தயங்குவார், இழப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் கூடும். மாமாவிடம் அதிகம் விவாதிக்காமல், இதை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நில அலுவலகத்தில் இரண்டு நிலங்களுக்கும் அதிகாரபூர்வத் தேடல், அதாவது சாரியான் ரஸ்மி, எடுங்கள். பக்கத்து நிலத்துக்கு எப்படி எடுப்பது என்று யோசிக்க வேண்டாம். பதிவேடு பொதுவானது, கட்டணம் கட்டினால் எடுக்கலாம். அங்கே புதிய வங்கி அடமானமோ, வாங்குபவர் போட்ட கேவியட்டோ தெரிந்தால் அவருடைய அவசரத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். உங்கள் கெரானின் எண்ணுக்கு முன்னால் எச்.எஸ்.எம். அல்லது எச்.எஸ்.டி. என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது இறுதி அளவைக்கு முந்தைய தற்காலிக உரிமைப் பத்திரம், எல்லை இன்னும் முழுமையாக உறுதியாகவில்லை. பிறகு நீங்களே லைசென்ஸ் பெற்ற ஒரு நில அளவையாளரை வைத்து எல்லைக்கற்களைக் கண்டுபிடிக்கச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நட்ட குச்சியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது உங்களுக்குச் சாதகமாகத் தெரிந்தாலும்கூட.

அளவில் மூன்றடி அகலம், இருபதடி நீளம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அறுபது சதுர அடி. அதற்காக உயர்நீதிமன்றம் போனால், நிலத்தின் மதிப்பைவிடச் செலவு கூடிவிடும். உறவும் போய்விடும். அதற்குப் பதில் இரண்டு பேரும் கையெழுத்திட்ட அனுமதி ஒப்பந்தம் ஒன்று போடலாம். அந்த அறுபது சதுர அடி உங்களுடையது என்று அவர் அதில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். இப்போதுள்ள கட்டடத்தை உயர்த்தவோ நீட்டவோ கூடாது. அவர் வீட்டை விற்றாலோ இடித்தாலோ அனுமதி முடிந்துவிடும். அவர் அந்த இடத்தை வாங்கத்தான் விரும்புகிறார் என்றால், உட்பிரிவும் இணைப்பும் அவர் செலவில் நில அலுவலகம் வழியாகவே நடக்கட்டும். முன்பணம் என்று எதையும் இப்போது வாங்கிவிடாதீர்கள். விற்பனை ஒப்பந்தம் நடந்துவிட்டது என்று சொல்லி அவர் உங்கள் நிலத்தின் மேல் தனியார் கேவியட் போட அது இடம் கொடுக்கும். நீக்காவிட்டால் அது ஆறு ஆண்டு நிற்கும், அதுவரை நீங்கள் விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாது.

பவர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். உங்கள் தங்கை மேல் சந்தேகம் இல்லை. ஆனால் தினமும் முகம் பார்க்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சின்னப் பெண்ணை நெருக்குவது எளிது, பெர்த்திலிருக்கும் உங்களை நெருக்குவது கடினம். "அக்கா கையெழுத்து இல்லாமல் முடியாது அங்கிள்" என்று சொல்ல உங்கள் தங்கைக்கு ஒரு காரணம் இருக்கட்டும். பின்னால் தேவைப்பட்டால் அங்கே நோட்டரி பப்ளிக் முன்னிலையில், இந்த ஒரு ஒப்பந்தத்துக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதலாம். அதை மலேசியாவில் உயர்நீதிமன்றப் பதிவகத்தில் பதிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஐசி நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குறுக்கே இரண்டு கோடு போட்டு எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கெரான் நகல் அவருக்குத் தேவையே இல்லை. தேடல் எடுத்தால் அந்த விவரம் அவருக்கே கிடைக்கும்.

அளவை முடியும்வரை அவருக்கு ஒரு சிறு கடிதம் மட்டும் போதும்: எல்லையை அளந்து பார்க்கிறோம், அதுவரை அந்தப் பக்கம் புதிதாக எதுவும் கட்ட எங்கள் சம்மதம் இல்லை. மரியாதையான தமிழிலோ மலாயிலோ எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினால் அன்றே படம் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போக வேண்டும். தடையுத்தரவு கேட்பவர் தாமதித்தால் நீதிமன்றம் முதலில் அதைத்தான் கேட்கும். அளவையாளரின் வரைபடமும் அந்தத் தாளின் முழு நகலும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கையெழுத்தைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம்.