நம்பிக்கைகளும் உண்மைகளும்: பிறந்தநாள் அன்று இடம் மாறும் பணம்

ஆறுமுகநேரியில் ஒரே தெருவில் நாலு வகை ஓய்வூதியக் கணக்கு இருக்கும். சாகுபுரம் ரசாயன ஆலைக்குப் போகிறவருக்கு பி.எஃப். ரயில்வேயில் 2004-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு என்.பி.எஸ். என்னும் தேசிய ஓய்வூதியத் திட்டம். பள்ளிக்கூட ஆசிரியருக்கு மாநில அரசின் தனி ஏற்பாடு. உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர், கடை வைத்திருக்கிறவர் போன்றோரில் சிலர் வங்கி மூலம் தாமாகவே என்.பி.எஸ். தொடங்கியிருக்கிறார்கள். 2009 மே முதல் அது எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது. இந்தக் கடைசி வகையினரைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும். அவர்களில் பலர் விண்ணப்பத்தில் முதலீட்டுப் பகுதியை நிரப்பாமல் விட்டவர்கள். அப்படி விட்டால் பணம் சும்மா கிடக்காது. ‘ஆட்டோ சாய்ஸ்’ என்ற ஏற்பாட்டில் எல்.சி.50 என்ற பிரிவுக்குப் போய்விடும்.

எல்.சி.50-இல் 35 வயது வரை பணத்தில் பாதி பங்குகளில் இருக்கும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் வீதம் குறைந்து, 55 வயதில் 10 சதவீதத்தில் நிற்கும். கம்பெனிக் கடன் பத்திரம் 30-இலிருந்து 10 சதவீதமாகக் குறையும். அரசுப் பத்திரம் 20-இலிருந்து 80 சதவீதமாக உயரும். உங்கள் பங்கு விகிதம் எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 35 முதல் 55 வயதுக்குள் இருப்பவர் தன் வயதை இரண்டால் பெருக்கி 120-இலிருந்து கழித்தால் போதும். 45 வயதுக்கு 30 சதவீதம், 51 வயதுக்கு 18 சதவீதம்.

“சந்தை சரிந்தால் அவர்களே பார்த்துப் பங்குகளிலிருந்து எடுத்துவிடுவார்கள்.”

அதிகம் கேட்கும் நம்பிக்கை இது. அதிக ஏமாற்றம் தருவதும் இதுதான். பங்கிலிருந்து பத்திரத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை எந்த மேலாளரும் சந்தையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வயது வாரியான ஓர் அட்டவணை முடிவு செய்கிறது. உங்கள் பிறந்தநாள் அன்று மொத்தப் பணத்தையும் புது வயதுக்குரிய விகிதத்துக்குக் கொண்டுவருவார்கள். அன்று சந்தை எப்படி இருந்தாலும் அது நடக்கும்.

2020 மார்ச்சை வைத்துப் பார்ப்போம். உப்பளக் கணக்கர் ஒருவருக்கு மார்ச் 23 அன்று 46 வயது முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அவர் கணக்கில் 10 லட்சம் ரூபாய். அதில் பங்கு 3 லட்சம், கம்பெனிப் பத்திரம் 2 லட்சம், அரசுப் பத்திரம் 5 லட்சம். சென்செக்ஸ் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் ஏறக்குறைய 38 சதவீதம் விழுந்தது. அவருடைய பங்குகளும் அதே அளவு விழுந்தால் 3 லட்சம் 1,86,000 ஆகிவிடும். பத்திரங்கள் மாறவில்லை என்று கொண்டால் மொத்தம் 8,86,000. 46 வயதுக்குரிய பங்கு விகிதம் 28 சதவீதம், அதாவது சுமார் 2,48,000. கையில் இருக்கும் பங்கு அதைவிடக் குறைவு. எனவே அந்தப் பிறந்தநாளில் பத்திரத்தை விற்று ஏறக்குறைய 62,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குவார்கள்.

பங்கை விற்றுவிடுவார்கள் என்று நம்பியிருந்தவருக்கு, ஊரே பயந்துகிடந்த நாளில் பங்கு வாங்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டு முடிவில் சென்செக்ஸ் 47,000-ஐத் தாண்டியதால் அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது. ஆனால் யாரும் மீட்சியை முன்கூட்டிக் கண்டுபிடித்து அதைச் செய்யவில்லை. விகிதம் அப்படிச் சொன்னது, அவ்வளவுதான். சந்தை 30 சதவீதம் ஏறியிருந்தால் இதே கணக்கருக்குச் சுமார் 85,000 ரூபாய்ப் பங்கை விற்றிருப்பார்கள். ஏறியபோது விற்பதும் இறங்கியபோது வாங்குவதும் இந்த ஏற்பாட்டின் நல்ல குணம் என்பது என் கருத்து. அதைக் காவல்காரன் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

“55 ஆகிவிட்டால் எல்லாம் பத்திரத்தில்தானே, இனி நஷ்டமே வராது.”

இதில் இரண்டு பிழைகள். முதலாவது, பங்கு முழுதாகப் போய்விடாது. எல்.சி.50-இல் 10 சதவீதம் கடைசிவரை நிற்கும். துணிச்சலான எல்.சி.75-ஐத் தேர்ந்தெடுத்தவருக்கு 15 சதவீதம், அடக்கமான எல்.சி.25-இல் 5 சதவீதம்.

இரண்டாவது பிழை பெரியது. அரசுப் பத்திரம் வங்கி வைப்புத்தொகை அல்ல. அரசு வட்டியும் அசலும் தவறாமல் தரும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணக்கில் அந்தப் பத்திரம் ஒவ்வொரு நாளும் அன்றைய சந்தை விலையில் எழுதப்படுகிறது. பத்தாண்டுப் பத்திரம் ஒன்று 6.5 சதவீத வட்டி தருகிறது. மறுநாளே புதுப் பத்திரங்கள் 7.5 சதவீதம் தரத் தொடங்கினால் பழையதை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்? சுமார் 93 ரூபாய்க்குத்தான் போகும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-இலிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியபோது, பத்திர முதலீட்டாளர்கள் இந்த அடியைக் கண்டார்கள். பிரிட்டனில் அதே 2022-இல் அரசுப் பத்திரங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்தன. ஓய்வுக்கு ஓரிரு ஆண்டே இருந்த, ‘பாதுகாப்பான’ பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. என்.பி.எஸ். பணத்தில் ஒரு பகுதிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆயுள் முழுதும் வரும் மாத ஓய்வூதியத்தை வாங்க வேண்டும். வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். அதே நேரத்தில், அதே தொகைக்குக் கிடைக்கும் மாத ஓய்வூதியமும் பொதுவாகக் கூடும். ஒன்றில் இழந்ததை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். மொத்தமாகக் கையில் எடுத்து வீடு கட்டவோ பெண்ணின் கல்யாணத்துக்கோ நினைத்திருப்பவருக்கு இந்த ஈடு கிடையாது. அவர் 60 வயது ஆன அன்றே முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. தவணை முறையில் எடுக்க விதி இடம் தருகிறது. விலை இறங்கியிருக்கும் ஆண்டில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

“எல்லா ஓய்வூதியக் கணக்கும் இப்படித்தான் நகரும்.”

இல்லை. ஆலைத் தொழிலாளியின் பி.எஃப். பணத்துக்கு வயதுக் கணக்கே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வட்டி, 2024–25-க்கு 8.25 சதவீதம். ரயில்வே ஊழியர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவருடைய என்.பி.எஸ். பணம் அரசு ஊழியருக்கான இயல்புத் திட்டத்தில் இருக்கும். அங்கே 25 வயதுக்காரருக்கும் 58 வயதுக்காரருக்கும் ஒரே கலவைதான். 2019 முதல் அவரும் எல்.சி.25 அல்லது எல்.சி.50-க்கு மாறலாம், ஆனால் தானே எழுதிக் கேட்க வேண்டும்.

எல்.சி.50 அட்டவணைக்கு உங்கள் பிறந்த தேதி மட்டுமே தெரியும், நீங்கள் எப்போது ஓய்வு பெறுவீர்கள் என்பது தெரியாது. 58 வயதில் வேலையை விட்டு வெளியேறுபவருக்கும், 70 வயது வரை கடையில் உட்காரப் போகிறவருக்கும் 55-இல் அதே 10 சதவீதம்தான். நீண்ட நாள் உழைக்கப் போகிறவருக்கு அது மிகவும் குறைவு என்றே நினைக்கிறேன். அவருக்கென்றே 2024-இல் வேறொரு பிரிவு வந்தது. அதில் 45 வயது வரை பாதிப் பங்கு நிற்கும், 55-இல் 35 சதவீதம் இருக்கும்.

உங்கள் பிரான் எண்ணைக் கொண்டு கணக்கைத் திறந்து E, C, G என்ற மூன்று வரிகளுக்கு எதிரே உள்ள தொகைகளைப் பாருங்கள். E பங்கு, C கம்பெனிப் பத்திரம், G அரசுப் பத்திரம். மொத்தத்தில் E எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, மேலே சொன்ன 120 கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் நீங்கள் எல்.சி.50-இல் இல்லை. பிரிவை ஒரு நிதியாண்டில் நான்கு முறை வரை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பிறந்தநாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.